பொது வைஃபை: உள்நுழைவுப் பக்கம் சில நேரம் திறக்காதது ஏன்?

மும்பை: ரயில் நிலையத்திலோ கடைத்தெருவிலோ உள்ள பொது வைஃபையில் இணைந்தவுடன் கைபேசி எண்ணைக் கேட்டு, எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபியைப் பதிவிடச் சொல்லும் பக்கம் இன்று அனைவருக்கும் பழகிவிட்டது. இந்த நடைமுறை உருவானதில் மும்பைக்கு நேரடித் தொடர்பு உண்டு என்பதும், அந்தப் பக்கம் சில நேரங்களில் திறக்காமலே போவதற்கு என்ன காரணம் என்பதும் பலர் அறியாதவை.

2008-ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சற்று முன்பு ஊடகங்களுக்கு வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒரு குடியிருப்பின் வைஃபை வழியாக அனுப்பப்பட்டது தெரியவந்தது. ஆகஸ்ட் 23 அன்று வந்த அடுத்த மின்னஞ்சல் மாட்டுங்காவில் உள்ள கால்சா கல்லூரியின் இணைப்பிலிருந்தும், செப்டம்பர் 13 அன்று டெல்லி குண்டுவெடிப்பின்போது வந்தது செம்பூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் இணைப்பிலிருந்தும் அனுப்பப்பட்டிருந்தன. மூன்று இடங்களிலும் இணைப்பின் உரிமையாளருக்கே தெரியாமல் வெளியாட்கள் அதைப் பயன்படுத்தியிருந்தனர். இணைப்பு யாருடையது என்பதைக் கண்டறிய முடிந்தாலும், அந்த நேரத்தில் அதைப் பயன்படுத்தியவர் யார் என்பதற்கு எந்தப் பதிவும் இல்லை.

இதையடுத்து மத்திய தொலைத்தொடர்புத் துறை 2009 பிப்ரவரியில் வைஃபை சேவைகளுக்கான பாதுகாப்பு உத்தரவைப் பிறப்பித்தது. பொது இடத்தில் இணைய வசதி அளிப்போர், பயனாளரின் புகைப்பட அடையாளச் சான்றின் நகலை ஓராண்டு வைத்திருக்க வேண்டும். அல்லது உள்நுழைவு விவரத்தைக் கைபேசிக்கு எஸ்எம்எஸ் மூலம் அனுப்பி, அந்த எண்ணையே அடையாளமாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் வந்துபோகும் இடத்தில் நகல் வாங்கிச் சேமிப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. எனவே இரண்டாவது வழியே நிலைத்தது. 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரல் நிலையத்தில் ரெயில்டெல் நிறுவனமும் கூகுளும் இணைந்து தொடங்கிய இலவச வைஃபையும், 2017 ஜனவரியில் மகாராஷ்டிர அரசு 500 இடங்களில் தொடங்கிய மும்பை வைஃபை திட்டமும் பயனாளரை இவ்வாறு கைபேசி எண்ணைக் கொண்டே அடையாளம் கண்டன.

உள்நுழைவுப் பக்கம் தானாகத் தோன்றுவது போலத் தெரிந்தாலும், அதை வரவழைப்பது கைபேசிதான். வைஃபையில் சேர்ந்தவுடன் ஆண்ட்ராய்டு கைபேசி http://connectivitycheck.gstatic.com/generate_204 என்ற முகவரிக்கு ஒரு சிறு கோரிக்கையை அனுப்புகிறது. இணையம் திறந்திருந்தால் 204 என்ற வெற்றுப் பதில் வரும். ஐபோன் http://captive.apple.com என்ற முகவரியில் இதே சோதனையைச் செய்து, "Success" என்ற சொல்லை எதிர்பார்க்கிறது. உள்நுழையாத பயனாளரின் கோரிக்கையை வைஃபை நுழைவாயில் கருவி வழியிலேயே மறித்து, தன் பக்கத்தின் முகவரியைப் பதிலாகத் தருகிறது. எதிர்பார்த்த பதில் வராததைக் கண்ட கைபேசி, இங்கு உள்நுழைவு தேவை எனப் புரிந்துகொண்டு "Sign in to network" என்ற அறிவிப்பைக் காட்டுகிறது. ஆக, ஒருவகையில் இது இடைமறிப்புதான். கோளாறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்தே பிறக்கின்றன.

மாட்டுங்கா நிலைய நடைமேடையில் ஒரு பயணி "RailWire" என்ற வைஃபையில் இணைகிறார் என்று கொள்வோம். நாளொன்றுக்கு முதல் 30 நிமிடம் 1 எம்பிபிஎஸ் வேகத்தில் இலவசம் என்பதால் முயல்கிறார். அறிவிப்பு வரவில்லை. பிரவுசரைத் திறந்து வங்கியின் முகவரியைத் தட்டுகிறார். பாதுகாப்பு எச்சரிக்கை தோன்றுகிறது. வங்கித் தளம் https-இல் இயங்குகிறது. அந்த இணைப்பில் நடுவில் நிற்கும் யாரும் வேறு பக்கத்தைக் காட்ட முடியாது. நுழைவாயில் மறிக்க முயன்றதை பிரவுசர் கண்டுபிடித்துத் தடுத்துவிட்டது. இங்கு எச்சரிக்கையைத் தாண்டிச் செல்வது கூடாது. அதே எச்சரிக்கை உண்மையான மோசடியின்போதும் இப்படியேதான் தோன்றும். மாறாக, மறைகுறியாக்கம் இல்லாத http://neverssl.com போன்ற முகவரியைத் தட்டினால் நுழைவாயில் அதை மறித்துத் தன் பக்கத்தைக் காட்டிவிடும்.

அதிலும் பக்கம் வரவில்லை, ஆனால் neverssl தளமே திறந்துவிட்டது என்றால், பெரும்பாலும் கோரிக்கை வைஃபை வழியாகச் செல்லவே இல்லை என்று பொருள். இணையம் இல்லாத வைஃபையைக் கண்டால் கைபேசி சத்தமின்றி மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடும். நுழைவாயில் அந்தக் கோரிக்கையைப் பார்ப்பதே இல்லை. மொபைல் டேட்டாவை மட்டும் தற்காலிகமாக நிறுத்தினால் பக்கம் வரும். ஏரோபிளேன் மோடு போடக் கூடாது. சிம் இணைப்பும் துண்டிக்கப்பட்டு ஓடிபியும் வராமல் போகும்.

எந்தத் தளமும் திறக்காவிட்டால் கைபேசியின் "Private DNS" அமைப்பைப் பார்க்க வேண்டும். விளம்பரங்களைத் தடுப்பதற்காகப் பலர் அதில் ஒரு சேவையின் பெயரைப் பதிந்து வைக்கின்றனர். அப்போது கைபேசி, தள முகவரிகளை அந்தச் சேவையிடம் மட்டுமே கேட்கும். உள்நுழையும் முன் வெளி இணைப்புகளை நுழைவாயில் அனுமதிப்பதில்லை; எனவே உள்நுழைவுப் பக்கத்தின் முகவரியைக்கூடக் கைபேசியால் அறிய முடியாது. "Private DNS server cannot be accessed" என்ற செய்தி இதற்கான அடையாளம். அமைப்பை "Automatic" என மாற்றி, உள்நுழைந்த பின் பழையபடி வைத்துக்கொள்ளலாம். எப்போதும் இயங்கும்படி வைத்த விபிஎன்னும் இதே தடையை உண்டாக்கும்.

எண் கேட்கும் பக்கம் வந்து, ஓடிபி மட்டும் வரவில்லை என்றால் கோளாறு வைஃபையில் இல்லை. எஸ்எம்எஸ் வருவது சிம் வழியாக. இந்தியாவில் வணிக எஸ்எம்எஸ் ஒவ்வொன்றும் முன்கூட்டியே பதிவு செய்த வாசகத்துடன் பொருந்துகிறதா எனச் சரிபார்க்கப்படுகிறது. 2021 மார்ச் 8 அன்று இந்தச் சோதனை முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது வங்கி ஓடிபிகள் உட்படப் பல செய்திகள் தடைபட்டதால், டிராய் அதை ஒரு வாரத்துக்கு நிறுத்தி வைத்தது. வழக்கமான நாள்களில் நேர்வது தாமதமே. பொறுமையிழந்து மூன்று முறை கேட்டால் மூன்று எண்கள் வரும். பல அமைப்புகளில் கடைசியாகக் கேட்டது மட்டுமே செல்லும். முதலில் வந்ததைப் பதிந்தவருக்கு "தவறான ஓடிபி" என்றே காட்டும். ஒருமுறை கேட்டு ஓரிரு நிமிடம் காத்திருப்பதே விரைவான வழி. சில கைபேசிகளில் எஸ்எம்எஸ்ஸைப் படிக்க வேறு செயலிக்குச் சென்றால் உள்நுழைவுச் சாளரமே மூடிக்கொள்ளும். ஆகவே மேலே தோன்றும் அறிவிப்பிலேயே எண்ணைப் பார்த்துக்கொள்வது நல்லது.

தாராவி போன்ற பகுதிகளில் இந்த முறையின் வேறொரு எல்லை தெரிகிறது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிஎம்-வாணி திட்டத்தின்படி, மளிகைக் கடைக்காரரோ தேநீர்க் கடைக்காரரோ உரிமமும் கட்டணமும் இன்றிப் பொது வைஃபை வழங்கலாம். ஆனால் அங்கும் பயனாளரைச் சரிபார்ப்பது கைபேசி எண்ணைக் கொண்டே. ரீசார்ஜ் முடிந்து பல நாள்களாகி, வரும் செய்திகளும் நிறுத்தப்பட்ட சிம்மை வைத்திருப்பவருக்கு ஓடிபி வராது. மலிவான வைஃபை அதிகம் தேவைப்படுபவர் அவர்தான். வீட்டில் ஒரே எண்ணைப் பலர் பகிர்ந்தால், எண்ணுக்குரியவர் வேலைக்குச் சென்ற நேரத்தில் மற்றவர்களால் உள்நுழைய இயலாது.

உண்மையான உள்நுழைவுப் பக்கத்துக்குக் கைபேசி எண்ணும் ஓடிபியும் போதும். சில இடங்களில் பெயர் கேட்கப்படலாம். அதே பெயரில் போலி வைஃபை அமைப்பது கடினமன்று. இலவச இணைப்புக்கு அட்டை எண்ணையோ யுபிஐ பின்னையோ கேட்கும் பக்கம் எதுவாயினும் அங்கேயே இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும்.