தொண்ணூறும் தொண்ணூறும் நூற்றெண்பது

முதல் 90 சதவீத வேலைக்கு 90 சதவீத நேரம் ஆகும். மீதி 10 சதவீத வேலைக்கு இன்னொரு 90 சதவீத நேரம் ஆகும்.

பெல் ஆய்வகத்தின் டாம் கார்கில் சொன்னதாக வழங்கும் நகைச்சுவையின் சாரம் இது. 1985-இல் ஜான் பென்ட்லி தன் பத்தியில் எடுத்துச் சொன்னதிலிருந்து மென்பொருள்காரர்கள் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். வெளியாளுக்கோ கணக்கு இடிக்கிறது.

முதல் 90 சதவீத வேலை. கண்ணுக்குத் தெரிகிற வேலை. ஒரு கிளினிக்குக்கு டோக்கன் பதியும் செயலி, பத்து நாளில் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பதாம் நாள் தேதி, நேரம், பெயர் கொடுத்து அழுத்தினால் டோக்கன் வந்துவிடும். பார்ப்பவர் முடிந்துவிட்டது என்றே நினைப்பார். அதில் பொய் எதுவுமில்லை.

மீதி 10 சதவீத வேலை. நகைச்சுவையின் உயிர் இங்கேதான். காலை 10:30 மணிக்கு ஒரே ஓர் இடம். இரண்டு பேர் ஒரே நொடியில் அழுத்துகிறார்கள். முதலாமவருக்காகச் செயலி "காலியா?" என்று பார்க்கிறது, காலி. அவர் பெயரை எழுதி முடிப்பதற்குள் இரண்டாமவருக்காகவும் பார்க்கிறது, அப்போதும் காலி. இருவருக்கும் டோக்கன் போய்விடுகிறது. செயலியை எழுதியவர் தனியாக உட்கார்ந்து நூறு முறை சோதித்தாலும் இந்த பக் தலைகாட்டாது, ஏனென்றால் அவர் ஒருவர்தானே அழுத்துகிறார்?

இன்னொரு 90 சதவீத நேரம். ஒரே மருத்துவருக்கு ஒரே நேரம் இரண்டு முறை பதியக் கூடாது என்று தரவுத்தளத்திலேயே கட்டுப்பாடு போட்டால் தீரும். அது ஒரு வரி வேலை. ஆனால் ஏற்கெனவே இரட்டையாகப் பதிவானவை இருந்தால் தரவுத்தளம் அந்தக் கட்டுப்பாட்டை ஏற்காது. யாருடைய டோக்கனை ரத்து செய்வது என்பதைக் கிளினிக்தான் சொல்ல வேண்டும். இனி இடம் கிடைக்காதவருக்குத் திரையில் என்ன காட்டுவது, அவர் கட்டிய பணத்தை எப்படித் திருப்புவது? ஒரு வரிக்குப் பின்னால் இத்தனை. டெட்லைன் கடந்துவிடுகிறது.

இப்போது கூட்டினால் 180. நூற்றுக்குள் அடங்காத அந்த எண்பது சதவீதம்தான் டெட்லைனுக்கு அப்புறம் போன நாட்கள். கணக்கைத் தப்பாகப் போட்டே உண்மையைச் சொல்வதால்தான் இது எனக்கு மிகவும் பிடிக்கும்.

வெளியாளிடம் சொல்லும்போது பலர் நகைச்சுவையை முதலில் சொல்லிவிட்டு, அவர் விழிப்பதைப் பார்த்து விளக்கத் தொடங்குகிறார்கள். அதற்குள் சிரிப்பு போய்விடும். 10:30 மணி டோக்கன் கதையை முதலில் சொல்லுங்கள். அதில் "ரேஸ் கண்டிஷன்" என்ற பெயர்கூட வேண்டாம், இரண்டு பேர் கையில் ஒரே டோக்கன் இருந்தால் போதும். "ஐயையோ, அப்புறம்?" என்று அவர் கேட்ட பிறகு நகைச்சுவையைச் சொல்லுங்கள். வீடு கட்டியவரிடம் இதுகூடத் தேவைப்படாது. கூரை போட்டபின் பூச்சும் குழாயும் மின்சாரமும் எத்தனை மாதம் இழுத்தன என்று அவரே சொல்ல ஆரம்பித்துவிடுவார்.