கொள்முதல் மறுபயன்

மறு, பயன்: ஒன்றைப் பெற்றதற்கு ஈடாகத் திருப்பித் தரும் பயன். ஒப்பந்தச் சட்டத்தின் சொல். கணக்கியலில் அதன் எல்லை இன்னும் குறுகியது. இந்தியாவின் கணக்கியல் தரம் 14-இன்படி, வாங்கும் நிறுமம் விற்கும் நிறுமத்தின் பங்குதாரர்களுக்குத் தரும் பங்கு, ரொக்கம் முதலியவை மட்டுமே மறுபயன். கடனீட்டுப் பத்திரக்காரர்களுக்குத் தருவது இதில் சேராது. தேர்வுத்தாள்களில் பலர் அதையும் கூட்டிவிடுவார்கள்.

விற்கும் ஒரு நிறுமத்தின் ஏடுகளில் கட்டடம் 5 லட்சம், சரக்கு 2.5 லட்சம், கடனாளிகள் 1 லட்சம், கடனீந்தோர் 3 லட்சம். பேசி முடித்த மதிப்பில் கட்டடம் 8, சரக்கு 2, மற்றவை மாறவில்லை. நிகரச் சொத்து 8 லட்சம். கொடுப்பதோ 9 லட்சத்துக்குப் பங்குகள். அந்த ஒரு லட்சம்தான் நற்பெயர்.

வாங்குபவர் ஏட்டில் முதலில் தொழில் கொள்முதல் கணக்கில் 9 லட்சம் பற்று, விற்ற நிறுமத்தின் கலைப்பாளர் கணக்கில் வரவு. பிறகு சொத்துகளும் நற்பெயருமாக 12 லட்சம் பற்று. கடனீந்தோர் 3, தொழில் கொள்முதல் 9 வரவு. பங்குகளை வெளியிட்டதும் கலைப்பாளர் கணக்கு தீர்ந்துவிடும்.

விற்பவர் ஏட்டில் இந்தப் புதிய மதிப்புகளுக்கு இடமே இல்லை. தீர்வுக் கணக்குக்குச் சொத்துகள் பழைய ஏட்டு மதிப்பான 8.5 லட்சத்திலேயே போகும். எதிரே கடனீந்தோர் 3, மறுபயன் 9 வரவாகும். மிஞ்சும் 3.5 லட்ச லாபம் பங்குதாரர்களுக்கு. இங்கே புதிய மதிப்பான 11 லட்சத்தை எழுதினால் லாபம் 1 லட்சமாகச் சுருங்கும். பங்குதாரர் கணக்கும் நேராகாது.