விளையாட்டு ஸ்பான்சர்ஷிப்: நோக்கமும் மதிப்பீடும்

மெல்போர்னில் உணவகத் தொழில் நடத்திய ஸ்பியர்ஸ் அண்ட் பாண்ட் நிறுவனம், 1861-62இல் இங்கிலாந்து கிரிக்கெட் அணி ஒன்றைத் தன் செலவில் ஆஸ்திரேலியாவுக்கு வரவழைத்தது. சொற்பொழிவுப் பயணத்துக்கு சார்லஸ் டிக்கன்ஸை அழைத்து, அவர் வராததால் எடுத்த மாற்று முடிவு அது. செலவு போக சுமார் 11,000 பவுண்டு மிஞ்சியதாகச் சொல்லப்படுகிறது. டிக்கெட் வசூலே நிறுவனத்தின் கையில் இருந்ததால், லாபமா நஷ்டமா என்பதில் அன்று குழப்பமில்லை. வசூல் போட்டி நடத்துபவருக்கும் பெயர் மட்டும் பணம் தந்தவருக்கும் என்று ஏற்பாடு மாறிய பிறகுதான் சிக்கல் தொடங்கியது.

1963இல் இங்கிலாந்தின் கவுண்டி அணிகளுக்கான ஒருநாள் கோப்பைப் போட்டி, 6,500 பவுண்டு தந்த ஜில்லெட்டின் பெயரைப் பெற்றது. பெயர் நன்றாகவே பரவியது. ஆனால் 1980இல் நிறுவனம் விலகியது. ஜில்லெட் என்றதும் மக்களுக்குச் சவர பிளேடைவிடக் கிரிக்கெட்டே நினைவுக்கு வந்ததை ஆய்வில் கண்டதுதான் காரணம் என்று சொல்வார்கள். கார்ன்ஹில் காப்பீட்டு நிறுவனத்தின் நிலை வேறு. 1977இல் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி முதலாளி கெர்ரி பேக்கர் முன்னணி வீரர்களைத் தன் போட்டிகளுக்கு இழுத்துக்கொண்டபோது இங்கிலாந்து வாரியத்துக்குப் பணம் தேவைப்பட்டது. ஐந்தாண்டுகளுக்குப் பத்து லட்சம் பவுண்டு தர கார்ன்ஹில் முன்வந்தது. காப்பீட்டு நிறுவனங்களின் பெயரைக் கேட்டால் அதைத் தானாகச் சொன்னவர்கள் அப்போது சுமார் 2 சதவீதம். நான்கைந்து ஆண்டுகளில் அது ஏறத்தாழ 17 சதவீதமானது. ஆகவே, பெயர் பரவியதா என்ற ஒரே கேள்வி போதாது. ஊரறிந்த ஜில்லெட்டுக்கு வேண்டியது பிளேடு விற்பனை. யாரும் அறியாத கார்ன்ஹில்லுக்கு வேண்டியது அறிமுகம். ஒப்பந்தத்துக்கு முன்பே நோக்கத்தை எழுதி, அன்றைய அளவையும் எடுத்து வைத்தால்தான் பின்னால் ஒப்பிட முடியும்.

பெயர்ப்பலகை திரையில் தெரிந்த நேரத்தை விளம்பரக் கட்டணத்தால் பெருக்கி, ‘இவ்வளவு கோடி மதிப்பு’ என்று அறிக்கை தருவது பரவலான வழக்கம். அந்த நேரத்தில் பார்வையாளரின் கண் பந்தின் மேல் இருந்திருக்கும். பலகையும் எந்தச் செய்தியையும் சொல்வதில்லை. எனவே அந்தத் தொகை பெரும்பாலும் கற்பனைக் கணக்குதான்.

விற்பனை பல காரணங்களால் ஏறும்; போட்டியின் பங்கை எப்படிப் பிரிப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. போட்டியைப் பார்த்தவர்களையும் பாராதவர்களையும், முன்னும் பின்னும் ஒரே கேள்வியால் அளந்து ஒப்பிட்டால் ஓரளவு பிரிக்கலாம். ஆனால் கிரிக்கெட் பார்ப்பவர்கள் வயதிலும் வருமானத்திலும் முன்பே வேறுபட்டவர்களாக இருக்கலாம். அதைக் கழிக்காத ஒப்பீடு ஏமாற்றும்.

செலவுப் பக்கமும் பெரும்பாலும் குறைத்தே எழுதப்படுகிறது. முதல் ஐந்தாண்டுகளில் கார்ன்ஹில் தந்தது ஆண்டுக்கு சராசரியாக 2 லட்சம் பவுண்டு. அழைப்பு விருந்து, கூடுதல் விளம்பரம் எல்லாம் தனி. வரவிலோ, பிரீமியம் லாபமாகாது. இழப்பீடும் நிர்வாகச் செலவும் போக 5 சதவீதம் மிஞ்சும் என்று வைத்துக்கொண்டால், உரிமைத் தொகையை மட்டும் ஈடுகட்டவே ஆண்டுக்கு 40 லட்சம் பவுண்டு கூடுதல் பிரீமியம் வேண்டும்.

கார்ன்ஹில் 2000 வரை நீடித்தது. அறிமுகம் கிடைத்த பிறகும் அதையே அளவுகோலாக வைத்திருந்தால் பிந்தைய ஆண்டுகளின் செலவு வீணாகத் தோன்றும். அப்போது கேட்க வேண்டியது, விலகினால் எவ்வளவு வேகமாக மறக்கப்படுவோம், அந்த இடத்தைப் போட்டி நிறுவனம் பிடித்தால் எவ்வளவு இழப்போம் என்பதே.