எலிஸ் நகரத் தீர்ப்பு: ஒலிம்பிக் அறத்தை வகுப்பறையில் பயிற்றுதல்

பியர் தெ கூபெர்த்தேன் 1894-இல் பாரிசின் சோர்போனில் கூட்டிய மாநாட்டிலிருந்து ஒலிம்பிக் இயக்கம் கிளைத்த வரலாற்றை இம்மலரின் வாசகர்கள் நன்கறிவர். அவர் அடிப்படையில் கல்விச் சீர்திருத்தத்தை நாடியவர் என்பதும், இங்கிலாந்துப் பள்ளிகளின் விளையாட்டு முறையை நேரில் கண்டு அதைத் தம் நாட்டு மாணவருக்குப் பெற்றுத்தர விழைந்தவர் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எனவே மேன்மை, நட்பு, மதிப்பு என அவ்வியக்கம் இன்று முன்வைக்கும் மூன்று விழுமியங்களையும் வகுப்பறைக்குக் கொண்டு செல்வது, பிறந்த வீட்டுக்கே அவற்றை அழைத்து வருவதாகும். ஒடிசா மாநிலம் 2022-இல் தன் பள்ளிகள் சிலவற்றில் ஒலிம்பிக் விழுமியக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது இவ்வகையில் போற்றத்தக்கது.

ஆயினும் ஐந்து வளையங்களுக்கு வண்ணம் தீட்டுவதோடும் முழக்கத்தை மனப்பாடம் செய்வதோடும் இப்பணி பெரும்பாலும் நின்றுவிடுகிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்கள் நியாயம் எது, ஓரவஞ்சனை எது என்று ஒவ்வொரு நாளும் வழக்காடும் பருவத்தினர். ஆதலால் அவர்களுக்கு ஏற்ற செயல்திட்டம் ஒரு வழக்கு விசாரணையே ஆகும். அதற்கு ஏதென்ஸின் வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் தம் நூலின் ஐந்தாம் பகுதியில் பதிந்துள்ள கி.மு. 420-ஆம் ஆண்டு வழக்கைக் காட்டிலும் பொருத்தமானது வேறொன்று இல்லை.

ஒலிம்பியாவில் விழா நடத்தும் உரிமை எலிஸ் என்னும் நகர அரசுக்கு உரியதாக இருந்தது. விழாவுக்கு முன் அதன் தூதர்கள் கிரேக்க நகரங்கள்தோறும் சென்று ‘எகெகேய்ரியா’ எனப்படும் புனிதப் போர்த்தடையை அறிவிப்பர். இத்தடை எல்லாப் போர்களையும் நிறுத்தியது என மாணவர் எண்ணுவது இயல்பு. ஆசிரியர் அவ்வெண்ணத்தைத் தொடக்கத்திலேயே திருத்திவிட வேண்டும். எலிஸ் நாட்டின் மீது எவரும் படை செலுத்தலாகாது என்பதும், விழாவுக்கு வந்து செல்வோரை வழியில் எவரும் தீண்டலாகாது என்பதுமே அதன் சாரம். அவ்வாண்டில் ஸ்பார்ட்டா இத்தடைக் காலத்தில் ஒரு கோட்டையைத் தாக்கியதாகவும், லெப்ரியம் என்ற ஊருக்குக் கவசம் தரித்த காலாட்படையை அனுப்பியதாகவும் எலிஸ் குற்றம் சாட்டி, வீரன் ஒருவனுக்கு 2 மினா வீதம் 2,000 மினா தண்டம் விதித்தது. மினா என்பது 100 திராக்மா. அக்கால ஏதென்ஸில் கைவினைஞர் ஒருவரின் ஒரு நாள் கூலி ஏறத்தாழ ஒரு திராக்மா. அனுப்பப்பட்ட வீரர் 1,000 பேர் என்பதையும், ஒவ்வொருவர் பொருட்டும் ஏறக்குறைய 200 நாள் கூலி கேட்கப்பட்டது என்பதையும் மாணவரே கணக்கிட்டுக் கண்டால் குற்றத்தின் கனம் அவர்களுக்கு விளங்கும்.

இருதரப்பு வாதங்களும் வியக்கத்தக்க கூர்மை உடையவை. தங்கள் படை புறப்பட்டபோது போர்த்தடை ஸ்பார்ட்டாவில் அறிவிக்கப்படவே இல்லை என்றனர் ஸ்பார்ட்டர். தாங்கள் ஏற்கெனவே குற்றம் இழைத்துவிட்டதாக எலிஸ் மக்கள் கருதியிருந்தால் அதன் பின்னர் ஸ்பார்ட்டாவுக்கு வந்து தடையை அறிவித்ததற்குப் பொருள் என்ன என்று கேட்டு, அறிவிப்புக்குப் பின் தாங்கள் படை எடுக்கவில்லை என்றும் அவர்கள் கூறினர். தடையை முதலில் தம் நாட்டில் அறிவிப்பதே தம் வழக்கம் என்றும், அது நடைமுறைக்கு வந்த நம்பிக்கையில் ஆயுதமின்றி இருந்த வேளையில் தாம் தாக்கப்பட்டதாகவும் எலிஸ் மறுமொழி கூறியது. தாம் உரிமை கோரிய லெப்ரியத்தைத் திருப்பித் தந்தால் தண்டத்தில் தம் பங்கை விட்டுக்கொடுத்து, இறைவனுக்குரிய பங்கையும் தாமே செலுத்துவதாகவும், அதுவும் இயலாதெனில் ஒலிம்பிய சியுஸின் பலிபீடத்தின் முன் பின்னர் செலுத்துவதாக ஆணையிட்டால் போதும் என்றும் எலிஸ் இறங்கி வந்தது. ஸ்பார்ட்டா இரண்டையும் மறுத்தது. அன்றைய கிரேக்கத்தின் பேராற்றல் மிக்க அந்நகரம் கோயிலிலிருந்தும் வழிபாட்டிலிருந்தும் போட்டிகளிலிருந்தும் விலக்கப்பட்டது.

அறம் அறிவிப்பிலிருந்தே தொடங்குகிறது என்னும் இக்கருத்து தமிழ் மாணவருக்கு அயலானதன்று. போர் தொடங்குமுன் பசுக்களையும் அந்தணரையும் பெண்டிரையும் பிணியுடையோரையும் புதல்வரைப் பெறாதோரையும் காப்பிடம் சேருமாறு அறிவித்துப் பின்னரே அம்பு தொடுக்கும் நெறியைப் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதிக்கு உரியதாக்கி நெட்டிமையார் பாடியது புறநானூற்றின் ஒன்பதாம் பாடல். அப்பாடலையும் இவ்வழக்கையும் அடுத்தடுத்து வைத்து, அறிவிப்பு சென்று சேராதவனைத் தண்டிக்கலாமா என்ற வினாவை எழுப்புவது பெரும் பயன் தரும். தீர்ப்பெழுதும் மாணவர் திருக்குறளின் ‘நடுவு நிலைமை’ அதிகாரத்தை முன்னதாகவே ஓதியிருத்தல் நலம்.

செயல்திட்டத்திற்கு ஆறு பாடவேளைகள் வேண்டும். முதல் வேளையில் வரைபடமும் போர்த்தடை விளக்கமும் அமையும். இரண்டாம் வேளையில் எலிஸ், ஸ்பார்ட்டா, நடுவர், பிற நகரத்தார் என வகுப்பு நான்காகப் பிரிந்து, அவரவர் தரப்புச் செய்திகள் மட்டும் எழுதிய தாளைப் பெறும். மூன்றாம் வேளையில் விசாரணையும், நான்காம் வேளையில் எழுத்துவடிவத் தீர்ப்பும் நடைபெறும். உண்மையில் நிகழ்ந்த முடிவை அதுவரை ஆசிரியர் மறைத்து வைக்க வேண்டும். முன்னரே வெளியிட்டால் நடுவர் குழு அதைப் படியெடுப்பதோடு நின்றுவிடும். ஸ்பார்ட்டாவின் வாதத்தைப் பலவீனமாக்கித் தருவது அதைவிடப் பெரிய பிழை. வல்லவனின் வாதத்திலும் உண்மை இருக்கக்கூடும் என்று உணராத மாணவனுக்கு மதிப்பு என்னும் விழுமியம் கைவராது.

திரைப்படங்களின் வழியே ஸ்பார்ட்டர் மீது ஈர்ப்புக் கொண்ட பிள்ளைகள் சான்றை விட்டுப் பெயரைப் பார்த்துத் தீர்ப்பளிப்பதும் உண்டு. அதைக் கண்டறிய எளிய வழி இருக்கிறது: எழுதிய தீர்ப்பில் நகரப் பெயர்களை ஒன்றுக்கு மற்றொன்றாக மாற்றி, நடுவர் குழு அதையே மீண்டும் வாசிக்க வேண்டும். காரணங்கள் அப்போதும் அவர்களுக்கு உகந்தவையாக இருந்தால் தீர்ப்பு நேரியது. கேட்கவே மனம் ஒப்பாவிட்டால் அது விருப்பத்தின் விளைவு.

ஐந்தாம் வேளை லிக்காஸுக்கு உரியது. விலக்கப்பட்ட ஸ்பார்ட்டாவைச் சேர்ந்த இவரது தேர் அதே விழாவில் வென்றது. அவர் நாட்டவருக்குப் போட்டியிடும் உரிமை இல்லாமையால் வெற்றி பியோஷிய மக்களின் பெயரில் அறிவிக்கப்பட்டது. தேர் தம்முடையதே எனக் காட்ட லிக்காஸ் களத்தில் இறங்கித் தேரோட்டிக்கு வாகை சூட்டினார். பிரம்பேந்திய அலுவலர் அவரை அடித்தனர். ஸ்பார்ட்டர் படையோடு வருவர் என்று எல்லோரும் அஞ்சியிருந்ததையும், ஆர்கோஸும் மான்டினேயாவும் தலா 1,000 வீரரைக் காவலுக்கு அனுப்பியிருந்ததையும் துசிடிடீஸ் குறிப்பிடுகிறார். ஆயினும் ஸ்பார்ட்டர் வாளாவிருந்தனர், விழாவும் முடிந்தது. தனிமனிதனின் மேன்மைக்கும் நாட்டின் மீதான தண்டனைக்கும் இடையே எழும் முரண்பாடு இக்கால ஒலிம்பிக் அரங்கிலும் தீராதிருப்பதால், அடி விழுந்தது முறையா என்ற விவாதத்தை ஆசிரியர் முடித்துவைக்காமல் விடுவதே தக்கது.

இவ்வழக்கில் ஒரு குறை உண்டு. கூரிய மாணவர் அதைத் தாமே கண்டு சொல்வர். லெப்ரியத்தின் மீது உரிமை கோரிய எலிஸே வழக்காளியாகவும் இருந்தது, நடுவராகவும் இருந்தது. ஆறாம் வேளையில் இக்குறையைத் தம் பள்ளியின் விளையாட்டு விழாவோடு பொருத்திப் பார்க்குமாறு மாணவரைப் பணிக்க வேண்டும். விழாவை நடத்தும் வகுப்பே ஒரு பூசலில் தரப்பாகவும் இருந்தால் தீர்ப்பு எவரிடம் செல்ல வேண்டும், தண்டம் என்ன, விதி எந்நாளிலிருந்து செல்லும் என்பவற்றை அவர்களே எழுதட்டும். தலைமையாசிரியரின் ஒப்புதல் பெற்ற பின், எவரும் கேட்கவில்லை என்று சொல்ல இயலாதவாறு, அவற்றைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் உரத்த குரலில் அறிவிக்கட்டும்.