குறை மின்னழுத்த எச்சரிக்கை (ராசுபெரி பை)

குறை மின்னழுத்த எச்சரிக்கை என்பது ராசுபெரி பை என்னும் ஒற்றைப்பலகைக் கணினிக்கு வந்துசேரும் மின்னழுத்தம் தேவையான அளவுக்குக் கீழே இறங்கும்போது, அதனுடன் இணைக்கப்பட்ட திரையின் வலது மேல் மூலையில் தோன்றும் மஞ்சள் நிற மின்னல் வடிவச் சின்னம் ஆகும். கணினி 5 வோல்ட்டில் இயங்கும்படி வடிவமைக்கப்பட்டுள்ளது. பலகையின் மீது அளக்கப்படும் மின்னழுத்தம் ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே சென்றால் இச்சின்னம் தோன்றும். மீண்டும் உயர்ந்தால் மறைந்துவிடும். பெரும்பாலான நேரங்களில் பழுது கணினியில் இருப்பதில்லை. மின்வழங்கியில் இருந்து கணினிக்கு வரும் வழியில், குறிப்பாக வடத்தில், மின்னழுத்தம் இழக்கப்படுவதே காரணமாகும்.

## கண்டறியும் முறை

2012 ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் மாதிரியில் மின்னழுத்தத்தைக் கண்காணிக்கும் சுற்று இல்லை. 2014 ஆம் ஆண்டு வெளிவந்த பி+ மாதிரியில் இது முதன்முதலில் சேர்க்கப்பட்டது. அதன் பின்னர் வந்த மாதிரிகளில், பை சீரோ வரிசையைத் தவிர, இவ்வசதி உள்ளது. எனவே பை சீரோவில் சின்னம் தோன்றவில்லை என்பதைக் கொண்டு அதற்குப் போதிய மின்னழுத்தம் கிடைக்கிறது என்று முடிவு செய்ய இயலாது.

4.63 வோல்ட்டு என்னும் எல்லைக்கு 5 விழுக்காடு ஏற்ற இறக்கம் உண்டு. ஆகவே ஒரே மின்வழங்கியையும் ஒரே வடத்தையும் இரு பலகைகளில் பொருத்தினால், ஒன்றில் சின்னம் தோன்றி மற்றொன்றில் தோன்றாமல் இருப்பது வியப்புக்குரியது அன்று.

பி+ மாதிரியிலும் பை 2, பை 3 மாதிரிகளிலும் பலகையில் உள்ள சிவப்பு விளக்கும் இதே செய்தியைத் தருகிறது. மின்னழுத்தம் எல்லைக்கு மேல் இருக்கும்வரை அது எரியும். கீழே இறங்கினால் அணையும். திரை இல்லாமல் இயங்கும் கணினிகளுக்கு இவ்விளக்கே பயனுள்ளது. தொடக்கத்தில் மென்பொருள் மின்னலுக்குப் பதிலாக வானவில் நிறங்கள் கொண்ட ஒரு சதுரத்தைக் காட்டியது. பழைய கையேடுகளில் காணப்படும் வானவில் சதுரம் இதுவே. கணினி தொடங்கும்போது ஒரு கணம் திரை முழுவதும் தோன்றும் வானவில் படம் வேறு. அதற்கும் மின்னழுத்தத்துக்கும் தொடர்பில்லை.

## விளைவுகள்

மின்னழுத்தம் குறைந்தவுடன் கணினி தன் நுகர்வைக் குறைப்பதற்காகச் செயலியின் வேகத்தைத் தாழ்த்துகிறது. பை 3 மாதிரி பி இல் 1200 மெகா எர்ட்சு வேகம் 600 ஆகக் குறையும். பயனருக்கு இது கணினி மெதுவாக இயங்குவதாகவே தோன்றும். பலர் மென்பொருளைக் குறைகூறுவர்.

வேகக் குறைவைவிட யூ.எசு.பி வழியாக இணைக்கப்படும் கருவிகளுக்கு ஏற்படும் பாதிப்பு கடுமையானது. செயலிக்கும் நினைவகத்துக்கும் வேண்டிய தாழ்ந்த மின்னழுத்தங்களைப் பலகையில் உள்ள சீராக்கிகள் உருவாக்குகின்றன, அவை 4.6 வோல்ட்டிலும் பணியாற்றக்கூடும். ஆனால் யூ.எசு.பி துளைகளுக்குச் செல்லும் 5 வோல்ட்டு சீராக்கப்படுவதில்லை. உள்ளே வருவது குறைந்தால் வெளியே செல்வதும் குறையும். இதனால் வெளிப்புற வன்தட்டு எழுதிக்கொண்டிருக்கும்போதே துண்டிக்கப்பட்டு, கோப்பு முறைமை பழுதடையலாம். மேலும் குறைந்து கணினி திடீரென மறுதொடக்கம் ஆனால், அந்நேரம் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் எசு.டி அட்டைக்கும் இதே நிலை ஏற்படும். தரமற்ற அட்டை என்று தூக்கி எறியப்படுபவற்றில் சில உண்மையில் மெல்லிய வடத்தால் கெட்டவை.

## வடத்தால் ஏற்படும் இழப்பு

மின்வழங்கியின் மீது எழுதப்பட்டுள்ள ஆம்பியர் எண்ணைப் பார்த்து, "2 ஆம்பியர் தருகிறதே, போதாதா?" என்று கேட்பது வழக்கம். ஆம்பியர் எண் அந்த மின்வழங்கி தரக்கூடிய மின்னோட்டத்தின் உச்ச அளவை மட்டுமே சொல்கிறது. அம்மின்னோட்டம் வடத்தின் வழியே செல்லும்போது எவ்வளவு மின்னழுத்தம் மீதமிருக்கும் என்பதை அது சொல்வதில்லை. இழப்பு, மின்னோட்டத்தையும் வடத்தின் மின்தடையையும் பெருக்கினால் கிடைக்கும்.

யூ.எசு.பி வடங்களில் கம்பியின் தடிமன் அமெரிக்கக் கம்பி அளவெண்ணால் குறிக்கப்படுகிறது. எண் கூடினால் கம்பி மெலிதாகும். விலை குறைந்த வடங்களில் பரவலாகக் காணப்படும் 28 அளவெண் செப்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம், 24 அளவெண் கம்பியில் அது 0.084 ஓம். மின்னோட்டம் ஒரு கம்பியில் சென்று மற்றொரு கம்பியில் திரும்புவதால், 1 மீட்டர் வடத்துக்கு 2 மீட்டர் கம்பியைக் கணக்கில் கொள்ளவேண்டும். எனவே 1 மீட்டர் நீளமுள்ள 28 அளவெண் வடத்தின் மின்தடை சுமார் 0.43 ஓம் ஆகும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். பை 3 மாதிரி பி ஒன்று, 5.0 வோல்ட்டு 2 ஆம்பியர் எனக் குறிக்கப்பட்ட கைபேசி மின்னேற்றியுடன் மேற்கூறிய வடத்தால் இணைக்கப்பட்டுள்ளது. பணியின்றி இருக்கும்போது அது 0.35 ஆம்பியர் எடுக்கிறது எனக் கொண்டால் வடத்தில் இழப்பு 0.15 வோல்ட்டு, பலகைக்கு 4.85 வோல்ட்டு கிடைக்கும், சின்னம் தோன்றாது. இப்போது ஒரு யூ.எசு.பி வன்தட்டை இணைத்துச் செயலிக்கும் கடும் வேலை கொடுத்தால் மின்னோட்டம் 1.2 ஆம்பியர் ஆகிறது எனக் கொள்வோம். இழப்பு 0.52 வோல்ட்டு; பலகைக்குக் கிடைப்பது 4.48 வோல்ட்டு மட்டுமே. மின்னேற்றியின் 2 ஆம்பியர் வரம்பில் இன்னும் 0.8 ஆம்பியர் மிச்சமிருக்கிறது. ஆயினும் மின்னல் சின்னம் தோன்றிவிடுகிறது. அதை எடுத்துவிட்டு 2.5 ஆம்பியர் தரும் 5.1 வோல்ட்டு மின்வழங்கியை அதே வடத்துடன் பயன்படுத்தினாலும் 4.58 வோல்ட்டே வந்துசேரும், சின்னம் நீங்காது. மாறாக, பழைய மின்னேற்றியையே வைத்துக்கொண்டு வடத்தை மட்டும் 24 அளவெண்ணுக்கு மாற்றினால் இழப்பு 0.20 வோல்ட்டாகக் குறைந்து, 4.80 வோல்ட்டு கிடைக்கும். அதே மெல்லிய வடத்தைப் பாதி நீளத்தில் பயன்படுத்தினாலும் 4.74 வோல்ட்டு கிடைக்கும்.

இணைப்பிகளின் தொடுமுனைகளும் பலகையில் உள்ள உருகியும் எடுத்துக்கொள்ளும் சிறு இழப்புகள் இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை. தேய்ந்துபோன மைக்ரோ யூ.எசு.பி இணைப்பியில் இவ்விழப்பு புறக்கணிக்கத்தக்கது அன்று. இணைப்பியைத் தொட்டு அசைத்தால் சின்னம் தோன்றி மறைவது இதன் அடையாளமாகும். இடையில் பொத்தான் வைத்த வடங்களும் இவ்வகையில் ஐயத்துக்குரியவை.

இதே மின்னேற்றியும் வடமும் கைபேசிக்கு மட்டும் எவ்வாறு போதுமானவையாக உள்ளன என்னும் கேள்வி எழலாம். கைபேசியின் மின்கலம் முழுமையாக ஏறிய நிலையிலும் சுமார் 4.2 முதல் 4.4 வோல்ட்டு அளவிலேயே உள்ளது. வரும் மின்னழுத்தம் தாழ்ந்தால் கைபேசி தான் எடுக்கும் மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டு மெதுவாக மின்னேறும். ராசுபெரி பை இதற்கு நேர்மாறானது. அதன் சீராக்கிகள் ஒரே அளவு திறனை வேண்டுவதால், மின்னழுத்தம் குறையக் குறைய எடுக்கும் மின்னோட்டம் கூடுகிறது. இழப்பும் அதனால் கூடுகிறது. பை 3, பை 4 ஆகியவற்றுக்கான அதிகாரப்பூர்வ மின்வழங்கிகள் 5.0 வோல்ட்டுக்குப் பதில் 5.1 வோல்ட்டு தருவதற்கும், வடம் அவற்றுடன் பிரிக்கமுடியாதபடி இணைக்கப்பட்டிருப்பதற்கும் வட இழப்பே காரணமாகும். பை 4 க்கான மின்வழங்கியின் வடம் 1.5 மீட்டர் நீளமும் 18 அளவெண் தடிமனும் கொண்டது.

## காரணத்தை அறிதல்

சின்னம் ஒரு நொடி தோன்றி மறைந்திருந்தாலும் கணினி அதை நினைவில் வைத்திருக்கும். கீழ்வரும் கட்டளையால் அதைக் கேட்டறியலாம்:

```
vcgencmd get_throttled
```

விடை `throttled=0x0` என வந்தால் கணினி தொடங்கியதில் இருந்து குறைவு ஏதும் நேரவில்லை. `0x50005` என வந்தால் இப்போதும் மின்னழுத்தம் குறைவாக உள்ளது, செயலியின் வேகமும் தாழ்த்தப்பட்டுள்ளது. `0x50000` என்றால் முன்பு குறைந்திருந்தது, இப்போது சரியாக உள்ளது. வெப்பம் மிகுந்தாலும் வேகம் தாழ்த்தப்படும் என்பதால், மின்னழுத்தத்தைப் பற்றி அறிய `0x1` (இப்போது), `0x10000` (தொடங்கியபின் எப்போதாவது) ஆகிய இரு பகுதிகளை மட்டுமே பார்க்கவேண்டும். எந்த நேரத்தில் நேர்ந்தது என்பதைக் கருனி பதிவு காட்டும்:

```
dmesg | grep -i voltage
```

அப்பதிவில் உள்ள நேரத்தை, அப்போது நடந்த வேலையுடன் ஒப்பிடுவது பெரிதும் உதவும். வன்தட்டு சுழலத் தொடங்கிய நேரத்திலேயே பதிவு இருந்தால், அத்தட்டைத் தனி மின்வழங்கி உடைய யூ.எசு.பி மையத்துக்கு மாற்றுவது வடத்தை மாற்றுவதைவிட எளிது. கருவிகள் எதுவும் இல்லாமல் தொடங்கும்போதே பதிவு இருந்தால், முதலில் வடத்தையும் பின்னர் மின்வழங்கியையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கவேண்டும். இரண்டையும் ஒருசேர மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது.

பன்னோக்குமானி இருந்தால், 40 ஊசி இணைப்பியின் 4 ஆம் ஊசிக்கும் 39 ஆம் ஊசிக்கும் இடையே, கணினி கடும் வேலை செய்யும்போது அளக்கலாம். 2 ஆம் ஊசியைத் தவிர்ப்பது நன்று. அதை ஒட்டியுள்ள 1 ஆம் ஊசி 3.3 வோல்ட்டு ஆகும், அளக்கும் முனை நழுவி இரண்டையும் தொட்டால் பலகை அழியக்கூடும். பன்னோக்குமானி சராசரியையே காட்டும் என்பதால் மில்லிநொடி அளவிலான திடீர் இறக்கங்கள் அதில் தெரியா. மானியில் 4.8 வோல்ட்டு தெரிந்தும் சின்னம் மின்னுவது இதனால்தான்.

## சின்னத்தை மறைத்தல்

`config.txt` கோப்பில் `avoid_warnings=1` என எழுதினால் சின்னம் தோன்றாது. நிகழ்படக் காட்சிப் பலகை போன்ற பயன்பாடுகளில் இதைச் செய்வோர் உண்டு. மறைவது படம் மட்டுமே; மின்னழுத்தம் குறைவதும் வேகம் தாழ்வதும் தொடரும். `avoid_warnings=2` என்பது குறைவான மின்னழுத்தத்திலும் உச்ச வேகத்தை அனுமதிப்பதால், வன்தட்டு இணைந்துள்ள கணினியில் இதைப் பயன்படுத்துவது அறிவுடைமை ஆகாது.

## பை 5

2023 ஆம் ஆண்டு வெளிவந்த பை 5 க்கு 5.1 வோல்ட்டு 5 ஆம்பியர் மின்வழங்கி பரிந்துரைக்கப்படுகிறது. இணைத்தவுடன் இது மின்வழங்கியுடன் பேசி 5 ஆம்பியர் கிடைக்குமா என்று கேட்கிறது. கிடைக்காது எனில், யூ.எசு.பி கருவிகள் அனைத்துக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியர் மட்டுமே அளிக்கிறது, கிடைத்தால் 1.6 ஆம்பியர் வரை அளிக்கும். 65 வாட்டு மடிக்கணினி மின்னேற்றியைப் பொருத்தியும் இக்கட்டுப்பாடு நீங்காதது பலருக்குப் புதிராக உள்ளது. அவ்வகை மின்னேற்றிகள் 65 வாட்டைப் பொதுவாக 20 வோல்ட்டில்தான் தருகின்றன. 5 வோல்ட்டில் அவற்றின் உச்ச அளவு வழக்கமாக 3 ஆம்பியர். பை 5 ஆல் 5 வோல்ட்டைத் தவிர வேறெதையும் பயன்படுத்த இயலாது.

இம்மாதிரியில் பன்னோக்குமானி இல்லாமலே, உள்ளே வரும் மின்னழுத்தத்தைப் படிக்கலாம்:

```
vcgencmd pmic_read_adc EXT5V_V
```

பணியின்றி ஒரு முறையும் கடும் வேலையின்போது ஒரு முறையும் இதை இயக்கினால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மின்வழங்கியும் வடமும் சேர்ந்து இழப்பதன் அளவைக் காட்டும்.