கண்டென்சர் குழாயில் எது மாறிலி?

அனல்மின் நிலையத்தில் டர்பைனைச் சுழற்றிவிட்டு வெளியேறும் நீராவி ஒரு பெரிய உருளைக்குள் இறங்குகிறது. அதற்குள் ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்கள் கிடைமட்டமாக அடுக்கப்பட்டிருக்கும். குழாய்களுக்குள் குளிர்நீர் ஓடுகிறது. வெளிப்புறத்தில் நீராவி பட்டு நீராகிச் சொட்டுகிறது. இதுதான் கண்டென்சர். தூத்துக்குடி போன்ற கடலோர நிலையங்களில் இந்தக் குழாய்களுக்குள் ஓடுவது கடல்நீர். நீராவி ஒரே அழுத்தத்தில் நீராகும்போது அதன் வெப்பநிலை மாறுவதில்லை. அதனால், சுவர் வெப்பநிலை மாறாத குழாய் என்று பாடநூல் சொல்லும் நிலைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தொழிற்சாலைகளில் அரிது. ஆனால் பாடநூல் கேட்கும் கேள்வியும் மின்நிலையம் கேட்கும் கேள்வியும் ஒன்றல்ல. சமன்பாடு இரண்டுக்கும் பொதுவானதுதான். எதை மாறிலியாகப் பிடித்துக்கொள்கிறோம் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. அதைக் கவனிக்காமல் போடும் கணக்கு கூட்டல் கழித்தலில் சரியாக இருந்தாலும் பொருளில் தவறிவிடும்.

முதலில் சமன்பாடு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். குழாயில் ஒரு மெல்லிய துண்டை எடுத்துக்கொள்வோம். அந்தத் துண்டின் சுவர் வழியாக நுழையும் வெப்பம், சுவருக்கும் நீருக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. நுழைந்த வெப்பம் நீரைச் சூடாக்குகிறது; நீர் சூடானதும் வேறுபாடு குறைகிறது; அடுத்த துண்டில் நுழையும் வெப்பமும் அதற்கேற்பக் குறைகிறது. ஓர் அளவு குறையும் வேகம் அந்த அளவுக்கே நேர்விகிதமாக இருந்தால் அது அடுக்குக்குறிச் சார்பாகத் தேயும். இங்கே தேய்வது நீரின் வெப்பநிலை அல்ல, வேறுபாடு.

(Ts − To) / (Ts − Ti) = exp(−hA / ṁcp)

Ts சுவரின் வெப்பநிலை. Ti நீர் நுழையும்போது உள்ள வெப்பநிலை, To வெளியேறும்போது உள்ளது. h என்பது வெப்பப் பரிமாற்றக் கெழு, A குழாயின் உட்பரப்பு, ṁ ஒரு வினாடியில் ஓடும் நீரின் நிறை, cp நீரின் தன்வெப்பம். அடுக்கில் நிற்கும் hA / ṁcp அலகற்ற எண். பொறியாளர்கள் அதை என்டியூ என்பார்கள். அது 1 ஆக இருந்தால், தொடக்க வேறுபாட்டில் 63 விழுக்காட்டை நீர் கடந்துவிட்டது என்று பொருள்.

இனி ஒரே ஒரு குழாயை எடுத்துக்கொள்வோம். உள்விட்டம் 25 மில்லிமீட்டர், நீளம் 10 மீட்டர், நீரின் வேகம் வினாடிக்கு 2 மீட்டர். நீர் 30 டிகிரி செல்சியஸில் நுழைகிறது. சுவர் முழுவதும் 45 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று நன்னீரின் பண்புகளையே எடுக்கலாம். கடல்நீரின் அடர்த்தி சற்று அதிகம், தன்வெப்பம் சற்றுக் குறைவு. இரண்டும் ஏறக்குறைய ஈடாகிவிடுவதால் பெரிய பிழை வராது. பண்புகளை எந்த வெப்பநிலையில் எடுப்பது என்பதில் ஒரு சிறு சுழல் உண்டு. நுழைவுக்கும் வெளியேற்றத்துக்கும் நடுவே எடுக்க வேண்டும்; ஆனால் வெளியேற்ற வெப்பநிலை இன்னும் தெரியாது. ஆகவே 35 டிகிரி என்று ஊகித்துத் தொடங்கி, விடை வந்தபின் சரிபார்க்க வேண்டும்.

35 டிகிரியில் ரெனால்ட்ஸ் எண் சுமார் 69,000 வருகிறது. அதாவது ஓட்டம் முழுக்கக் கொந்தளிப்பானது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் டிட்டஸும் போல்ட்டரும் 1930இல் வெளியிட்ட ஆய்வின் பெயரால் இன்று வழங்கும் தொடர்பு, Nu = 0.023 Re^0.8 Pr^0.4, இங்கே பொருந்தும். பிராண்டில் எண் 4.83, நஸ்ஸெல்ட் எண் 321, அதிலிருந்து h சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, 8,000 வாட். குழாயின் உட்பரப்பு 0.785 சதுர மீட்டர். ஓடும் நீர் வினாடிக்கு 0.976 கிலோ; அதை ஒரு டிகிரி சூடாக்க 4,077 வாட் தேவை. என்டியூ 1.54 ஆகிறது. exp(−1.54) = 0.214. தொடக்க வேறுபாடான 15 டிகிரியில் 3.2 டிகிரிதான் மிச்சம். நீர் 41.8 டிகிரியில் வெளியேறும். சராசரி 36 டிகிரி. 35 என்று ஊகித்தது போதுமான அளவு நெருக்கம், மறுசுற்று தேவையில்லை.

குழாய் வாங்கிய வெப்பம் 48 கிலோவாட். இதையே சிலர் நுழைவு வேறுபாடு 15, வெளியேற்ற வேறுபாடு 3.2, சராசரி 9.1 என்று எடுத்துப் பெருக்குவார்கள். 57 கிலோவாட் வரும். ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். வேறுபாடு தொடக்கத்தில் வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் தேய்வதால், குழாயின் பெரும்பகுதி நேர்க்கோட்டுச் சராசரியைவிடக் குறைந்த வேறுபாட்டில்தான் இயங்குகிறது. மடக்கைச் சராசரி எடுத்தால் 7.65 டிகிரி கிடைக்கும். கணக்கும் 48க்குத் திரும்பும். மடக்கைச் சராசரி தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய விதி அல்ல, மேலே கண்ட சமன்பாட்டையே திருப்பி எழுதியதுதான்.

ஓட்டத்தின் வேகத்தைப் பாதியாக்கினால் என்ன ஆகும்? நீர் குழாய்க்குள் இரண்டு மடங்கு நேரம் தங்குவதால் நன்றாகச் சூடாகும் என்று தோன்றும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. வேகம் வினாடிக்கு 1 மீட்டர் ஆனால் வெளியேற்ற வெப்பநிலை 42.4 டிகிரி. அரை டிகிரிக்குச் சற்று மேலான உயர்வு, அவ்வளவே. கொந்தளிப்பு ஓட்டத்தில் h வேகத்தின் 0.8 அடுக்கோடு சேர்ந்து குறைகிறது. தங்கும் நேரத்தில் கிடைத்த ஆதாயத்தைப் பெரும்பாலும் அது விழுங்கிவிடுகிறது. என்டியூவில் எஞ்சுவது வேகத்தின் 0.2 அடுக்கு மட்டுமே. வெளியேற்ற வெப்பநிலை கிட்டத்தட்ட அசையாமல் நிற்க, எடுத்துச் செல்லும் வெப்பமோ 48 கிலோவாட்டிலிருந்து 25 கிலோவாட்டாகச் சரிகிறது. வெளியேற்ற வெப்பநிலையை மட்டும் பார்த்துக் குழாயின் செயல்திறனை மதிப்பிடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

வரிச்சீர் ஓட்டத்தில் கதை வேறு. ஓட்டமும் வெப்பநிலைப் பரவலும் முழுமையாக உருவான பின் நஸ்ஸெல்ட் எண் 3.66 என்று நின்றுவிடும். வேகம் குறைந்தாலும் h குறையாது. ஆனால் இந்த எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது ஆபத்து. கெட்டியான எண்ணெய் ஒன்று ரெனால்ட்ஸ் எண் 500, பிராண்டில் எண் 1,000 என்ற நிலையில் இதே 25 மில்லிமீட்டர் குழாயில் ஓடுகிறது என்போம். வெப்பநிலைப் பரவல் முழுமையாக உருவாக 600 மீட்டருக்கு மேல் தேவை! 10 மீட்டர் குழாயில் எண்ணெய் தொடக்கப் பகுதியைத் தாண்டுவதே இல்லை. அங்கே உண்மையான h, 3.66 தருவதைவிடக் கணிசமாக அதிகம். இந்தத் தொடக்கப் பகுதியைத்தான் லியோ கிரேட்ஸ் 1880களிலேயே கணித வழியில் தீர்த்தார்.

கண்டென்சருக்குத் திரும்புவோம். மேலே போட்ட கணக்கில் ஒரு பெரிய சலுகை ஒளிந்திருக்கிறது. 45 டிகிரி என்பது நீராவியின் வெப்பநிலை. சுவரின் உட்புறம் அந்த வெப்பநிலையில் இருப்பதில்லை. நீராவிக்கும் நீருக்கும் இடையே நான்கு தடைகள் உண்டு: குழாயின் மேல் வழியும் நீர்ப்படலம், உலோகச் சுவர், உட்புறம் படியும் கசடு, கடைசியாக நீரின் பக்கமுள்ள h. முதல் கணக்கு கடைசித் தடையை மட்டுமே எண்ணியது. நல்ல செய்தி என்னவென்றால், வெளியே மாறாமல் இருப்பது நீராவியின் வெப்பநிலை என்பதால் சமன்பாட்டின் வடிவம் அப்படியே நிற்கிறது. Ts என்ற இடத்தில் நீராவியின் வெப்பநிலையையும், h என்ற இடத்தில் நான்கு தடைகளையும் சேர்த்த மொத்தக் கெழு Uஐயும் வைத்தால் போதும்.

8,000க்கு உரிய தடை 0.000125. மற்ற மூன்றும் சேர்ந்து சுமார் 0.00021 என்று கொள்ளலாம். அதில் கசடின் பங்கு மட்டும் 0.00008. U 3,000 ஆகிறது. என்டியூ 1.54இலிருந்து 0.58க்கு இறங்குகிறது. நீர் வெளியேறுவது 41.8இல் அல்ல, 36.6 டிகிரியில், வெப்பம் 26.8 கிலோவாட். சமன்பாட்டில் பிழையில்லை, சுவர் என்று எதைச் சொன்னோம் என்பதில்தான் பிழை.

இப்போது கசடு இரண்டு மடங்காகிறது என்று வைத்துக்கொள்வோம். U 2,400க்கு அருகே இறங்கும், என்டியூ 0.46 ஆகும். பாடநூல் வழியில் Ts = 45 என்று பிடித்துக்கொண்டால் நீர் 35.5 டிகிரியில் வெளியேறும் என்று விடை வரும். ஆனால் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் வெளியேற்ற நீரின் வெப்பமானியைப் பார்த்தால் முள் 36.6ஐ விட்டு அசைந்திருக்காது. காரணம் எளிது. மின்சுமை மாறாதவரை டர்பைன் தள்ளும் வெப்பம் ஏறத்தாழ மாறாது. அந்த வெப்பம் எப்படியும் நீருக்குள் போயாக வேண்டும். நீரின் அளவும் மாறவில்லை என்றால் நீரின் உயர்வு 6.6 டிகிரியாகத்தான் இருக்க முடியும். இங்கே மாறிலி வெப்பம், மாறுவது Ts. சமன்பாட்டைத் திருப்பிப் போட வேண்டும்:

Ts = Ti + (To − Ti) / (1 − exp(−UA / ṁcp))

விடை 47.8 டிகிரி. 45 டிகிரியில் நீராவியின் அழுத்தம் 9.6 கிலோபாஸ்கல், 47.8இல் 11 கிலோபாஸ்கலுக்குச் சற்று மேல். கண்டென்சரின் வெற்றிடம் அந்த அளவுக்குக் கெட்டுப்போகிறது. டர்பைனிலிருந்து கிடைக்கும் வேலை குறைகிறது. அதே மின்சாரத்துக்குச் சற்றுக் கூடுதல் நிலக்கரி எரிகிறது. கசடின் விலை நீரின் வெப்பமானியில் தெரியாது, வெற்றிடமானியில்தான் தெரியும். குழாய்களுக்குள் ஸ்பாஞ்ச் பந்துகளை ஓடவிட்டுச் சுவரைத் துடைக்கும் ஏற்பாடு பல நிலையங்களில் தொடர்ந்து இயங்குவது இதற்காகத்தான்.

ஆனால் வெற்றிடம் கெட்டால் குற்றவாளி கசடுதான் என்று முடிவுகட்டிவிட முடியாது. குளிர்நீரின் ஓட்டமே குறைந்திருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய இதே சமன்பாடு வழி தருகிறது. கசடு பழைய அளவிலேயே இருக்க, ஓட்டம் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாகக் கொண்டு அதே 26.8 கிலோவாட்டுக்குக் கணக்கிட்டால், நீரின் உயர்வு 6.6இலிருந்து 8.2 டிகிரியாகிறது, நீராவி 46.8 டிகிரிக்கு ஏறுகிறது. நீராவிக்கும் வெளியேறும் நீருக்கும் உள்ள இடைவெளி முன்பு 8.4 டிகிரி, இப்போது 8.6, மாறவில்லை என்றே சொல்லலாம். கசடு இரண்டு மடங்கானபோது நேர்ந்தது இதற்கு எதிர்மாறு: நீரின் உயர்வு 6.6 டிகிரியிலேயே நிற்க, இடைவெளி 8.4இலிருந்து 11.2ஆக விரிந்தது.

மூன்றாவதாக, கண்டென்சருக்குள் கசிந்து வரும் காற்றையும் கணக்கில் வைக்க வேண்டும். குழாயைச் சுற்றி அது ஒரு போர்வைபோல் தங்கி U-ஐக் குறைப்பதால் கசடைப் போலவே இடைவெளியை விரிக்கும். நீரின் உயர்வு, இடைவெளி என்ற இரண்டு அளவுகளால் மட்டும் அதைக் கசடிலிருந்து பிரித்தறிய முடியாது. அதற்குக் கண்டென்சரின் அடியில் சேரும் நீரைப் பார்க்க வேண்டும். காற்று புகுந்திருந்தால் அந்த நீர் நீராவியின் வெப்பநிலையைவிட வழக்கத்துக்கு மேல் குளிர்ந்திருக்கும், அதில் கரைந்த ஆக்சிஜனும் கூடியிருக்கும்.