வந்து சேராத பொருளுக்கான கடனட்டை முறையீட்டுக் கடிதம்

கடனட்டையில் பணம் செலுத்தி வாங்கிய பொருள் வந்து சேராதபோது, அட்டைதாரர் தம் வங்கிக்கு எழுதும் மறுப்புக் கடிதம் இது. பொருளுக்கு ஆணை கொடுத்ததற்கான சான்றும், விற்பனையாளரைத் தொடர்புகொள்ள எடுத்த முயற்சிகளின் விவரமும் இதில் இடம்பெறும். இக்கடிதத்துக்குச் சட்ட வலிமை அளித்தது அமெரிக்காவில் 1974-ல் இயற்றப்பட்ட நியாயமான கடன் பட்டியல் சட்டம். இன்று பல நாடுகளில் வங்கிகள் கேட்கும் விவரங்கள் பெரும்பாலும் அச்சட்டம் கேட்டவற்றை ஒத்தவை.

பின்னணி

கடைக்காரரிடம் நேரில் வாங்கிய கடனில் ஒரு பாதுகாப்பு இருந்தது. பொருள் வராவிட்டால் வாங்கியவர் பணம் தர மறுக்கலாம். கடனட்டை வந்தபின் கடைக்காரருக்கு வங்கி உடனே பணம் கொடுத்துவிட்டது. வாங்கியவர் வங்கிக்குக் கடன்பட்டார். பொருள் வரவில்லை என்று அவர் முறையிட்டால், "அது உங்களுக்கும் கடைக்கும் இடையிலான வழக்கு, எங்கள் கடனை அடைத்துவிடுங்கள்" என்பதே பல வங்கிகளின் பதிலாக இருந்தது. கடைக்கு எதிரான குறைகளை வங்கிக்கு எதிராக எழுப்புவதில்லை என்ற நிபந்தனையும் ஒப்பந்தங்களில் சேர்க்கப்பட்டது.

1960-களில் வங்கிகள் கேட்காதவர்களுக்கும் அட்டைகளை அஞ்சலில் அனுப்பின. அட்டையின் பயன்பாடு பெருகியபோது தவறான பட்டியல்கள் பற்றிய புகார்களும் பெருகின. செனட்டர் வில்லியம் பிராக்ஸ்மைர் முன்னின்று முயன்ற சட்டத்தில் குடியரசுத் தலைவர் ஜெரால்டு ஃபோர்டு 1974 அக்டோபர் 28 அன்று கையொப்பமிட்டார். சரியாக ஓராண்டுக்குப் பின் அது நடைமுறைக்கு வந்தது.

சட்டம் செய்த மாற்றம்

ஒப்புக்கொண்டபடி வந்து சேராத பொருளுக்குப் பணம் கேட்பதையும் "பட்டியல் பிழை" என்று இச்சட்டம் வரையறுத்தது. கூட்டலில் நேர்ந்த பிழையும் வராத பொருளும் ஒரே வகைக்குள் வந்தன. ஆகவே, "அது கடைக்காரர் பிரச்சினை" என்று வங்கி ஒதுங்க முடியாமல் போனது. தன் பட்டியலின் பிழையை வங்கியே விசாரிக்க வேண்டும்.

மெய்ப்பிக்கும் பொறுப்பும் இடம் மாறியது. பொருள் வரவில்லை என்பதை வாங்கியவர் எப்படி மெய்ப்பிப்பார்? வராத ஒன்றுக்குச் சான்று கிடையாது. எனவே, பொருள் கொடுக்கப்பட்டது அல்லது அனுப்பப்பட்டது என்று வங்கி உறுதிசெய்யாத வரை அத்தொகை சரியானது எனக் கொள்ளக்கூடாது என்று சட்டம் கூறியது.

கடிதத்தின் உறுப்புகள்

சட்டம் மூன்று செய்திகளை மட்டுமே கேட்டது: அட்டைதாரரின் பெயரும் கணக்கு எண்ணும், பிழை என்று கருதும் தொகை, அப்படிக் கருதுவதற்கான காரணம். அப்படியானால் விற்பனையாளரைத் தொடர்புகொண்ட விவரம் ஏன் சேர்ந்தது?

அது அச்சட்டத்தின் வேறொரு பிரிவிலிருந்து வந்தது. கடைக்கு எதிரான குறைகளை வங்கிக்கு எதிராகவும் எழுப்பலாம் என்று அப்பிரிவு அனுமதித்தது. ஆனால் வாங்கியவர் முதலில் விற்பனையாளரிடம் நல்லெண்ணத்துடன் தீர்வு காண முயன்றிருக்க வேண்டும். தொகை 50 டாலருக்கு மேல் இருக்க வேண்டும். வாங்கிய இடம் அவருடைய மாநிலத்துக்குள் அல்லது வீட்டிலிருந்து 100 மைல் தொலைவுக்குள் இருக்க வேண்டும். தொலைதூர நிறுவனத்திடம் அஞ்சலில் வாங்கியவருக்கு இத்தொலைவு வரம்பு தடையாக நின்றது. பட்டியல் பிழைப் பிரிவில் அந்த வரம்பு இல்லை. எனவே அஞ்சல் வணிகத்தில் ஏமாந்தவருக்கு அதுவே உறுதியான வழி. இரண்டு பிரிவுகளுக்கும் ஒரே கடிதம் பயன்பட வேண்டுமானால், விற்பனையாளரிடம் முயன்ற விவரத்தையும் எழுதிவிடுவது நல்லது.

ஓர் எடுத்துக்காட்டு

1978 மார்ச் 3 அன்று ஒருவர் வேறு மாநில நிறுவனத்திடம் 86 டாலருக்குத் தையல் இயந்திரம் ஒன்றுக்கு ஆணை கொடுக்கிறார் என்று கொள்வோம். நான்கு வாரங்களில் வந்து சேரும் என்பது வாக்குறுதி. மார்ச் 20 அன்று வங்கி அனுப்பிய பட்டியலில் அத்தொகை இடம்பெறுகிறது. மார்ச் 31 கடந்தும் இயந்திரம் வரவில்லை. அவர் எழுதும் கடிதம் இவ்வாறு அமையும்:

"மார்ச் 20 நாளிட்ட பட்டியலில் உள்ள 86 டாலர் பிழையானது. அதற்குரிய தையல் இயந்திரம் மார்ச் 31-க்குள் தரப்பட வேண்டும், இன்றுவரை வரவில்லை. ஏப்ரல் 5 அன்று விற்பனையாளரிடம் தொலைபேசியில் பேசினேன். ஒரு வாரத்தில் வரும் என்றனர். ஏப்ரல் 14 அன்று கடிதம் எழுதினேன், பதில் இல்லை. ஆணைப் படிவம், வாக்களித்த நாளைக் காட்டும் விளம்பரம், என் கடிதம் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். இத்தொகையையும் இதற்கான வட்டியையும் நீக்க வேண்டுகிறேன்."

இதில் மிகவும் தேவையானது வாக்களித்த நாளைக் காட்டும் தாள். அது இல்லையெனில் பொருள் "வரவில்லை" என்பதா, "இன்னும் வரவில்லை" என்பதா என்ற கேள்வி எழும்.

பட்டியல் அனுப்பப்பட்ட 60 நாட்களுக்குள், அதாவது மே 19-க்குள், கடிதம் வங்கியை அடைய வேண்டும். ஏப்ரல் 27 அன்று அது கிடைத்தால் 30 நாட்களுக்குள் வங்கி ஒப்புகை அனுப்ப வேண்டும். இரண்டு முழுப் பட்டியல் சுழற்சிகளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்; எப்படியும் 90 நாட்களைத் தாண்டக்கூடாது. அதுவரை அந்த 86 டாலரைச் செலுத்த வேண்டியதில்லை. பட்டியலின் மற்ற தொகைகளைச் செலுத்தியாக வேண்டும். இந்நடைமுறையை மீறும் வங்கி, பட்டியல் சரியாகவே இருந்தாலும், 50 டாலர் வரை வசூலிக்கும் உரிமையை இழக்கும்.

தவறும் இடங்கள்

தொலைபேசியில் மட்டும் முறையிட்டவருக்கு இந்த உரிமை கிடைக்கவில்லை. சட்டம் எழுத்தையே கேட்டது. பணம் செலுத்தும் சீட்டின் ஓரத்தில் குறிப்பு எழுதி அனுப்புவதையும் வங்கி ஏற்க வேண்டியதில்லை. பட்டியல் விசாரணைக்கென வங்கி குறிப்பிட்ட முகவரிக்கே தனிக் கடிதமாக அனுப்ப வேண்டும்.

சட்டத்திலும் ஒரு வலுவின்மை இருந்தது. 60 நாட்கள் பட்டியலிலிருந்து எண்ணப்பட்டன, பொருள் வரவேண்டிய நாளிலிருந்து அல்ல. நான்கு மாதங்களில் தருவதாகச் சொன்ன மரச்சாமான் வராதபோது காலக்கெடு ஏற்கெனவே முடிந்திருக்கும். அப்போது மற்றப் பிரிவே மிஞ்சும். அதுவும் இன்னும் செலுத்தாத தொகைக்கு மட்டுமே உதவும்.

பிற்கால நிலை

இந்த இடைவெளியை அட்டை வலையமைப்புகளின் விதிகள் பெரிதும் நிரப்பின. 'சார்ஜ்பேக்' எனப்படும் இம்முறையில் அட்டைதாரரின் வங்கி, விற்பனையாளரின் வங்கியிடமிருந்து தொகையைத் திரும்பப் பெறும். விசாவின் விதிகளில் வந்து சேராத பொருளுக்கான வகை 13.1 என்ற எண்ணால் குறிக்கப்படுகிறது. பொருள் வரவேண்டிய கடைசி நாளிலிருந்து இதற்கு 120 நாள் கணக்கிடலாம். அமெரிக்கச் சட்டத்தின் இப்பிரிவுகளுக்கு வெளியே நிற்கும் பற்று அட்டைக்கும் இவ்விதி பொருந்தும். விற்பனையாளரிடம் முயன்றதைத் தெரிவிக்க வேண்டும் என்பதும் இவ்விதியில் உண்டு. 1974-ல் வேறொரு பிரிவின் நிபந்தனையாக இருந்தது, இவ்வாறு வந்து சேராத பொருளுக்கான முறையீட்டின் நிலையான பகுதியானது.